எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் புகை?

புகையிலையை விட நினைப்பவர் முதலில் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறோம், அல்லது முதல் புகையிலையை அதக்குகிறோம்? அரை மணிக்குள் என்றால் பிடி பலமானது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இரவு முழுக்க அது வடிந்துவிடுவதால் காலையில் மூளை காலியாக விழிக்கிறது. முதல் இழுப்பில் 'டென்ஷன் குறையுது' என்கிறோமே, அந்த டென்ஷனே நேற்றைய நிகோடின் தீர்ந்ததால் வந்ததுதான்.

சிகரெட்டும் மெல்லும் புகையிலையும் ஒரே சரக்கு, போகும் பாதை வேறு. புகையில் இழுத்த நிகோடின் நுரையீரல் வழியாக இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். ஒவ்வொரு இழுப்புக்கும் உடனே கூலி கிடைப்பதால் கையும் உதடும் அதற்குப் பழகிவிடுகின்றன. கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை மெதுவாக ஏறி, வெகுநேரம் நிற்கும். 'நான் புகைக்கிறதில்லை, சும்மா போடுவேன்' என்பவரும் அதே அளவு அடிமைதான்.

இங்கே சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளங்கையில் புகையிலையோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் கசக்குவது காரத்துக்காக என்று நினைக்கிறோம். உண்மையில் காரத்தன்மை கூடினால்தான் நிகோடின் கன்னத்தின் தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். புளிப்பு சேர்ந்தால் போகாது. விடுவதற்குக் கொடுக்கும் நிகோடின் சூயிங்கத்திலும் இதற்காகவே ஒரு காரப்பொருள் சேர்க்கிறார்கள். இதை அறியாமல்தான் பலர் தோற்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் நாளைக்கு எட்டுத் தடவை போடுவார். முதல் தடவை பல் துலக்குவதற்கு முன்பே. விட முடிவு செய்து 2 மில்லிகிராம் சூயிங்கம் வாங்கினார். டீயைக் குடித்த கையோடு ஒன்றைப் போட்டு, சிறுபிள்ளைபோல் மளமளவென்று மென்றார். விக்கல் வந்தது, தொண்டை எரிந்தது, ஆசை மட்டும் அப்படியே இருந்தது. மதியம் பழைய பொட்டலம் திரும்பி வந்தது. அவர் செய்த தவறு மூன்று: அளவு போதவில்லை, டீ வாயைப் புளிப்பாக்கியது, வேகமாக மென்றதால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போனது.

இரண்டாம் முறை மருத்துவர் சீட்டோடு 4 மில்லிகிராம் வாங்கினார். அரை மணிக்குள் முதல் புகையிலை தேவைப்படுபவருக்கு அதுதான் அளவு. எழுந்ததும் வாய் கொப்பளித்து முதல் துண்டு, டீ அதன்பிறகு. நாக்கில் சுருக்கென்று காரம் தெரியும்வரை மெதுவாக மெல்ல வேண்டும். தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தி, புகையிலையை ஒதுக்குகிற அதே இடத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி. டீ, காபி, சோடா, பழச்சாறு எதுவானாலும் குடித்துக் கால் மணி கழித்துத்தான் அடுத்த துண்டு. ஆசை வரும்வரை காத்திராமல் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று என முதல் ஆறு வாரம். பிறகு இடைவெளியை நீட்டி, பன்னிரண்டு வாரத்தில் நிறுத்திவிடலாம். இரண்டாம் மூன்றாம் நாள்தான் மோசம்: எரிச்சல், தூக்கமின்மை, ஓயாத பசி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் அது தணியும்.

சிகரெட்காரருக்குத் தனியாக ஒரு சேதி. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காபியின் காஃபீனைச் சீக்கிரம் கழிக்க வைக்கின்றன. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, 'விட்டதால்தான் இப்படி' என்று மறுபடி பற்றவைப்பார்கள். முதல் வாரமே காபியைப் பாதியாக்குங்கள். மெல்லுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் புகையிலையோடு பாக்கும் போடுபவருக்குப் பாக்குக்கென்று தனி அடிமைத்தனம் உண்டு, அதையும் சேர்த்தே விட வேண்டும்.

கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் சூயிங்கத்தை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மெல்லும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே கண்ணாடி முன் நின்று மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டாலோ, கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ சூயிங்கம் உங்களுக்கு ஏற்றதல்ல. பல் மருத்துவரைப் பாருங்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையைப் பற்றியும் கேளுங்கள். பேசிப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் தேசியப் புகையிலை விடுவிப்பு எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது.