25 லட்சம் போடும் முன்: எந்தப் பங்கு, எந்த வழி?

கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அக்கா, அண்ணன், தம்பி மூவரிடமும் சேர்த்து 10 ரூபாய் முகமதிப்புள்ள 1,00,000 பங்குகள் இருக்கின்றன. அதாவது செலுத்திய மூலதனம் 10 லட்சம். இன்றைய மதிப்பில் ஒரு பங்கு 100 ரூபாய் பெறும். உங்கள் கையில் 25 லட்சம் இருக்கிறது. அண்ணனின் பங்கை வாங்கலாம். கம்பெனியிடமிருந்து புதிதாகச் சாதாரணப் பங்கு பெறலாம். அல்லது முன்னுரிமைப் பங்கு பெறலாம்.

அண்ணனிடம் 25,000 பங்கு வாங்கினால் 25 சதவீதம் உங்களுடையது. ஆனால் பணம் அண்ணனுக்குப் போகும், கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட வராது. காகிதப் பங்கு என்றால் SH-4 படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு 60 நாளுக்குள் கம்பெனியில் கொடுக்க வேண்டும். முத்திரைத்தீர்வை 0.015 சதவீதம், அதாவது 375 ரூபாய்தான். செலவு சிறியது, சிக்கல் வேறிடத்தில். பிரைவேட் கம்பெனியின் சங்க விதிகள் பங்கு மாற்றத்துக்குக் கட்டாயம் கட்டுப்பாடு வைத்திருக்கும். முதலில் உடன்பிறந்தவர்களுக்கே விலை சொல்ல வேண்டும் என்று இருக்கலாம். இயக்குநர்கள் மறுக்கவும் இடமிருக்கலாம். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து நீங்கள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

விதிகளில் எழுதியதுதான் செல்லும். வீட்டுக்குள் பேசி வைத்தது போதாது. ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கில் இரண்டு குடும்பக் கிளைகளும் பங்குகளைச் சரிபாதியாகவே வைத்திருப்பது என்று ஒப்பந்தம் இருந்ததாக வாதிட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு சங்க விதிகளில் இல்லை, ஆகவே கம்பெனியையும் பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புதிய ஒதுக்கீட்டில் பணம் கம்பெனிக்கே வரும். மொத்தப் பங்குகள் 1,25,000 ஆகிவிடுவதால் உங்களுக்கு 20 சதவீதம்தான் கிடைக்கும். வெளியாளுக்குக் கொடுப்பதால் சிறப்புத் தீர்மானமும், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். உங்கள் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். 60 நாளுக்குள் ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் 12 சதவீத வட்டி. ஒதுக்கிய 15 நாளுக்குள் PAS-3 தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. செக் மாறிய மறுவாரமே புது லேத் வந்து இறங்கினால் உடனே PAS-3 ரசீதைக் கேளுங்கள்.

20, 25 இரண்டிலும் ஒரு மயக்கம் உண்டு. சிறப்புத் தீர்மானம் நிறைவேற, ஆதரவு வாக்கு எதிர்ப்பைப்போல் மூன்று மடங்கு இருந்தால் போதும். நீங்கள் சரியாக 25 சதவீதம் வைத்து எதிர்த்தாலும் 75 சதவீதம் அதற்கு மூன்று மடங்குதான், தீர்மானம் நிறைவேறிவிடும். தடுக்க இன்னும் ஒரே ஒரு பங்கு வேண்டும். அண்ணனிடம் பேரம் பேசும்போது 25,001 என்று கேளுங்கள்.

முன்னுரிமைப் பங்கில் நிலைமை வேறு. 9 சதவீதம் என்று பேசினால் ஆண்டுக்கு 2,25,000 ரூபாய், சாதாரணப் பங்குதாரர்களுக்கு முன்பாக. லாபம் இருந்து, ஈவுத்தொகை அறிவித்தால்தான் அது வரும். கடன் வட்டிபோல் கேட்டு வாங்க முடியாது. 20 ஆண்டுக்குள் முதல் திரும்ப வேண்டும், அதுவும் லாபத்திலிருந்தோ புதுப் பங்கு வெளியீட்டிலிருந்தோதான். பொதுவாக உங்கள் உரிமையைத் தொடும் தீர்மானங்களிலும், கம்பெனியைக் கலைப்பது, மூலதனத்தைக் குறைப்பது போன்றவற்றிலும் மட்டுமே வாக்கு உண்டு.

ஆனால் ஈவுத்தொகை இரண்டு ஆண்டு நின்றுபோனால், 47-ஆவது பிரிவின்படி எல்லாத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம். அந்த வாக்கின் எடை செலுத்திய மூலதன விகிதத்தைப் பொறுத்தது. 100 ரூபாய் முகமதிப்பில் 25,000 முன்னுரிமைப் பங்கு என்றால் உங்கள் மூலதனம் 25 லட்சம், குடும்பத்தினுடையது 10 லட்சம். 35-இல் 25, ஏறக்குறைய 71 சதவீத வாக்கு உங்கள் பக்கம்! அதே பணத்தை 10 ரூபாய் முகமதிப்பு, 90 ரூபாய் பிரீமியம் என்று எழுதினால் உங்கள் மூலதனம் வெறும் 2.5 லட்சம், வாக்கு 20 சதவீதம். கொடுத்த தொகை ஒன்றே. முகமதிப்பு என்ற ஒரு வரி இவ்வளவையும் மாற்றுகிறது. இன்னொன்று: 2015 ஜூன் 5 அறிவிப்பின்படி பிரைவேட் கம்பெனி தன் விதிகளில் எழுதி 47-ஆவது பிரிவையே விலக்கிவிடலாம். அப்படி எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பே கிடையாது.

என் முடிவு இது. அண்ணன் விலகப் போகிறார், கம்பெனிக்குப் பணத் தேவை இல்லை என்றால் மட்டும் பங்கு மாற்றம். தொழில் வளரும், உங்கள் பேச்சும் எடுபட வேண்டும் என்றால் புதிய சாதாரணப் பங்கு. வருமானம் போதும் என்பவர் முன்னுரிமைப் பங்கு எடுக்கலாம். அப்போது 100 ரூபாய் முகமதிப்பையும், நிலுவை ஈவுத்தொகை சேர்ந்துகொண்டே வரும் என்ற வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் செக் எழுதும் முன் சங்க விதிகளின் முழுப் பிரதியை வாங்கி, கம்பெனி செக்ரட்டரி ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள்.