தரை டைல்ஸுக்கு எத்தனை மூட்டை? கோடு போட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்

டைல்ஸ் எத்தனை பெட்டி என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அடியில் போகிற கலவையும் பசையும் எவ்வளவு என்று கேட்டால்தான் தடுமாற்றம். வேலை பாதியில் இருக்கும்போது மூட்டை தீர்ந்து கடைக்கு ஓடுவார்கள். இல்லையென்றால் மிஞ்சிய மூட்டை மாடிப்படிக்கு அடியில் கல்லாகிக் கிடக்கும். காரணம் ஒன்றுதான். தரையின் பரப்பை அளக்கிறார்கள், கனத்தை அளப்பதில்லை.

15 அடிக்கு 12 அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 180 சதுர அடி, அதாவது 16.7 சதுர மீட்டர். போடப்போவது 600 மில்லிமீட்டர் சதுர விட்ரிஃபைட் டைல், கனம் 9 மில்லி. முதலில் சிமெண்ட் கலவைத் தளம், அது இறுகிய பிறகு மேலே டைல் பசை. விட்ரிஃபைட் டைல் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது. அதனால் சிமெண்ட் பால் அதன் முதுகில் நன்றாகப் பிடிக்காது. இந்த டைலுக்குப் பசைதான் என்பது என் வீட்டுக்கும் நான் போட்டுக்கொண்ட விதி.

முதலில் கலவைத் தளம். நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். டியூப் மட்டம் பிடித்து, தரை முடிகிற உயரத்திலிருந்து சரியாக 1000 மில்லி மேலே நான்கு சுவரிலும் கோடு போடுங்கள். கதவு நிலையையும் பக்கத்து அறைத் தரையையும் பார்த்த பிறகே அந்த உயரத்தை முடிவு செய்ய வேண்டும். பிறகு எதிரெதிர்க் கோடுகளுக்கு இடையே நூல் கட்டி, அறையின் ஒன்பது இடங்களில் நூலிலிருந்து கான்கிரீட் வரை அளந்து எழுதுங்கள். மூலைகள் நான்கு, சுவர்களின் நடுவில் நான்கு, அறையின் நடுவில் ஒன்று. நம் ஹாலில் மேடான இடத்தில் 1046, பள்ளமான இடத்தில் 1066, ஒன்பதின் சராசரி 1057 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 1000 போக 57 மில்லி மிச்சம்.

பெரும்பாலானவர்கள் இந்த 57-ஐ அப்படியே கலவையின் கனமாக எடுத்துக்கொள்கிறார்கள். டைல் 9 மில்லியும் பசை 4 மில்லியும் இதே உயரத்துக்குள்தான் உட்கார வேண்டும். அந்த 13-ஐக் கழித்தால் 44 மில்லி, அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். கழிக்க மறந்தால் ஒரு மூட்டைக்கு மேல் சிமெண்ட் கூடுதலாகப் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, தளம் உயர்ந்து கதவு தரையில் உரசும்.

மேடான இடத்தையும் தனியாகப் பாருங்கள். 46-இல் 13 போனால் 33 மில்லி கலவை நிற்கும், போதும். 20 மில்லிக்குக் கீழே வந்தால் அங்கே கான்கிரீட்டைக் கொத்திவிடுங்கள். மெல்லிய கலவை சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும்.

இனிக் கணக்கு எளிது. 180 சதுர அடியை 1.75 அங்குலத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 26.25 கன அடி. இது இறுகிய கலவை. உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்தால் அளவு சுருங்கும் என்பதால் 1.33-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 35 கன அடி. ஒன்றுக்கு ஆறு கலவை என்றால் ஏழு பங்கு. சிமெண்ட் 5 கன அடி, மணல் 30 கன அடி. 50 கிலோ சிமெண்ட் மூட்டை 1.25 கன அடி பிடிக்கும். ஆக 4 மூட்டை. மணலை மட்டும் 30 என்று சொல்லாதீர்கள். ஈர மணல் உப்பி நிற்கும். அளவுப் பெட்டியில் நிறைந்து தெரிந்தாலும் உள்ளே மணல் குறைவு. 36 கன அடி சொல்லிவிடுங்கள்.

கலவையை விரித்து மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்து, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற விடுங்கள்.

அடுத்து பசை. மூட்டையில் அச்சடித்திருக்கும் சதுர அடிக் கணக்கு குறிப்பிட்ட ஒரு கனத்துக்கு மட்டுமே பொருந்தும். பெரும்பாலும் 3 மில்லி. அதை நம்பி வாங்குவதால்தான் குறைகிறது. சதுர மீட்டருக்கு, ஒரு மில்லி கனத்துக்கு, சுமார் ஒன்றரைக் கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பசைக்கும் தோராயமாக ஒத்துவரும். இந்த அளவு டைலுக்கு 10 மில்லி பல் கரண்டி வேண்டும். பல் 10 மில்லி என்றால் பசை 10 மில்லி நிற்காது. வரிவரியாக நிற்கிற பசை டைலை அழுத்தியதும் பரவி, பாதிக்கும் சற்றுக் குறைவாக, 4 மில்லி ஆகிறது. 16.7 பெருக்கல் 4 பெருக்கல் ஒன்றரை, 100 கிலோ. 20 கிலோ மூட்டையில் ஐந்து. டைலின் முதுகிலும் ஒரு மில்லி தேய்க்க வேண்டும். அதற்கு 25 கிலோ. சிந்துவதையும் சேர்த்து ஏழு மூட்டை வாங்குங்கள்.

தளம் குண்டும் குழியுமாக இருந்தால் இந்தக் கணக்கு உடையும். இரண்டு மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, அடியில் 3 மில்லிக்கு மேல் இடைவெளி தெரிந்தால் முன்னதாகவே கலவையால் பூசி நிரப்பிவிடுங்கள். பசையால் நிரப்பினால் இந்த ஹாலில் சராசரி கனம் ஒரு மில்லி ஏறும்போதெல்லாம் ஒன்றேகால் மூட்டை போய்விடும். கனமான பசை இறுகும்போது சுருங்கி டைலையும் கீழே இழுக்கும்.

பசையை ஒரே திசையில் நேர்கோடாக இழுக்கச் சொல்லுங்கள். வட்டமாகச் சுழற்றினால் நடுவில் காற்று அடைபடும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து டைலை அமுக்குகிற மேஸ்திரியை உடனே நிறுத்துங்கள். முதல் டைலைப் போட்டதும் பெயர்த்து முதுகைப் பார்ப்பது நல்லது. ஐந்தில் நான்கு பங்காவது பசை ஒட்டியிருக்க வேண்டும். குளியலறை என்றால் ஏறக்குறைய முழுதும். குறைந்தால் அங்கே பின்னால் தட்டும்போது ‘டொக்’கென்று கேட்கும்.

கடைசியாக க்ரௌட். இதற்குச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு டைலுக்கும் ஒரு நீளம், ஒரு அகலம் இடைவெளிதான் பங்கு. மற்ற இரண்டு பக்கமும் பக்கத்து டைலின் கணக்கு. 600 மில்லி டைலுக்கு 1.2 மீட்டர். ஹாலுக்கு 47 டைல், ஆக 56 மீட்டர். இடைவெளி 2 மில்லி, ஆழம் டைலின் கனமான 9 மில்லி. பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். சிமெண்ட் க்ரௌட் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ. வீணாவதைச் சேர்த்து ஒரு கிலோ பாக்கெட் இரண்டு. இடைவெளி 3 மில்லி என்றால் மூன்று பாக்கெட். இதே தரைக்கு 300 மில்லி டைல் போட்டால் இடைவெளியின் மொத்த நீளம் இரட்டிப்பாகும், க்ரௌட்டும் அப்படியே. எபாக்ஸியின் விலைக்கு இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்.

டைல் பதித்த அன்றே இடைவெளிக்குள் பிதுங்கிய பசையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் 9 மில்லி ஆழம் 3 ஆகிவிடும். பாக்கெட் மிஞ்சியதே என்று சந்தோஷப்படுவீர்கள்; மேலே ஒட்டிய மெல்லிய க்ரௌட் கொஞ்ச நாளில் உதிரும். இடைவெளியே வேண்டாம் என்று டைலோடு டைலை முட்டவைப்பதும் வேண்டாம். வெயிலில் டைல் விரியும்போது போக்கிடம் இல்லாமல் மேலே தூக்கிக்கொள்ளும். ஹாலுக்கு 2 மில்லி, சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் 5 மில்லி விடுங்கள்.

க்ரௌட் பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ஒரே நிறப் பெயர் போட்டிருந்தாலும் பேட்ச் மாறினால் காய்ந்த பிறகு நிறம் வேறாகத் தெரியலாம்.