கூகுள் மேப்ஸில் எலக்ட்ரீஷியன் கடை: அறிமுகத்தில் என்ன எழுதலாம்?

வீட்டில் திடீரென்று மின்சாரம் போனால், பலர் மொபைலில் கூகுள் மேப்ஸைத் திறந்து எலக்ட்ரீஷியனைத் தேடுகிறார்கள். பட்டியலில் கடையின் பெயர், ஸ்டார்கள், வேலை நேரம் தெரியும். அதைத் தொட்டுத் திறந்தவர் அறிமுகத்தைப் படிக்கும்போது, தன் பழுது அதில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

பலரும் இப்படி எழுதுகிறார்கள்: "அனைத்து எலக்ட்ரிக்கல் வேலைகளும் தரமாகச் செய்து தரப்படும்." இதில் எந்த ஊர், எந்த வேலை என்பதே இல்லை. மதுரைக்காரர் ஒருவர் இதையே இப்படி மாற்றலாம்:

"மதுரை அண்ணா நகர், கே.கே. நகர் வீடுகளுக்கு எலக்ட்ரீஷியன். அடிக்கடி டிரிப் ஆகும் எம்.சி.பி., ஃபேன், சுவிட்ச் பழுது பார்ப்போம். இன்வெர்ட்டர் வயரிங் செய்வோம். ஏ.சி. சர்வீஸ் செய்வதில்லை."

ஏரியாவும் பழுதும் முதலிலேயே வந்துவிட்டன. கடைசி வரி தேவையில்லாத அழைப்புகளைக் குறைக்கும்.

இதைச் சேர்க்க, கடையைப் பதிவு செய்த ஜிமெயில் கணக்கில் நுழைந்து, கூகுளில் கடையின் பெயரைத் தேடுங்கள். Edit profile-ஐ கிளிக் செய்து, Description பகுதியில் டைப் செய்து சேமியுங்கள்.

இங்கே 750 கேரக்டர்கள்தான் அனுமதி. யூனிகோடில் "கு" என்பதே இரண்டு கேரக்டர் என்பதால் தமிழில் இடம் சீக்கிரம் தீரும். இணைய முகவரி, விலை, தள்ளுபடி அறிவிப்பு எழுதக் கூடாது, கூகுள் நிராகரிக்கலாம். போன் நம்பருக்கும் வேலை நேரத்துக்கும் தனிக் கட்டங்கள் உள்ளன. நேரத்தை அங்கே நிரப்பினால்தான் கடை இப்போது திறந்திருப்பது பட்டியலிலேயே தெரியும்.

சேமித்த பிறகும் "ஏ.சி. பார்ப்பீர்களா?" என்றே அழைப்புகள் வந்தால், கடைசி வரியை முதல் வரிக்கு அடுத்து நகர்த்துங்கள்.