தட்டைத் துணி தொப்பியாவது எப்படி?

ஒரு தேங்காயின் மேல் காகிதத்தைப் போர்த்திப் பாருங்கள். எப்படி இழுத்தாலும் ஓரத்தில் மடிப்பு விழும். ஆனால் மேலைநாட்டுத் தொப்பியின் குவிந்த உச்சியில் மடிப்பும் இல்லை, தையலும் இல்லை. காரணம் என்ன?

தையற்காரர் காலருக்குள் வைக்கும் பக்ரம் துணியை அறிவீர்கள். தொப்பிக்கு உதவும் பக்ரம் இன்னும் தடித்தது; இடைவெளி விட்டு நெய்த பருத்தித் துணியில் பசை ஏற்றியது. வெந்நீர் பட்டதும் பசை இளகி, ஊடும் பாவும் நகரத் தொடங்கும். அப்போது மூலைவாட்டில் இழுத்தால் துணியின் சதுரக் கண்கள் சாய்சதுரங்களாக மாறும். காகிதத்தால் இயலாத இந்த மாற்றத்தால்தான் துணி வளைபரப்பில் படிகிறது.

தலை வடிவில் கடைந்த மர அச்சின் மேல் முதலில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்த வேண்டும்; இல்லையேல் பசை மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்ரத்தை வெந்நீரில் தோய்த்து உடனே எடுக்க வேண்டும். நெடுநேரம் ஊறினால் பசை கரைந்துபோய், உலர்ந்த பின்னும் துணி தொய்வாகவே இருக்கும். பிறகு அதை அச்சின் மேல் வைத்து, நான்கு மூலைகளையும் இழுத்து, அடியில் கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். முழுவதும் உலரும்வரை கழற்றக் கூடாது. தொட்டால் குளிர்ந்திருந்தால், உள்ளிருக்கும் நீர் இன்னும் ஆவியாகிறது என்று அறியலாம்.

கம்பளி ஃபெல்ட்டுக்கு நீராவி போதும். நீராவி கம்பளிப் புரதத்திலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. உலரும்போது அவை புதிய வடிவில் மீண்டும் அமைகின்றன.

இனி விளிம்பு. தலைச் சுற்றளவு 56 செ.மீ., விளிம்பின் அகலம் 7 செ.மீ. என்று கொள்வோம். தட்டையான விளிம்பின் வெளிச்சுற்றளவு, உட்சுற்றளவைவிட 2 × 22/7 × 7 = 44 செ.மீ. மிகும். ஆகவே வெளிச்சுற்று 100 செ.மீ. முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிய 5 செ.மீ. சேர்த்து, நூல் சுற்றிய எஃகுக் கம்பியை 105 செ.மீ. வெட்ட வேண்டும். கம்பி சுருளாக வருவதால், விரல்களால் நீவி அதன் வளைவைக் குறைக்க வேண்டும். இல்லாவிடில் விளிம்பு முறுக்கிக்கொள்ளும்.

கம்பியை ஓரத்தில் வைத்து, காஜா தையல்போல் நெருக்கமாகத் தைப்பார்கள். இணைப்பு பின்புறம் வரவேண்டும். கம்பி குட்டையானால் விளிம்பு கிண்ணம்போல் குவியும்; நீண்டால் அலை அலையாக நெளியும். ஓரத்தைப் பிறகு நாடாவால் மூடலாம்.

விளிம்பின் உள்வட்டத்தில், 56 செ.மீ. கோட்டுக்கு உட்புறமாக 1.5 செ.மீ. துணி விட்டிருப்பார்கள். அதைக் கோடுவரை சிறு சிறு துண்டுகளாக வெட்டி மேல்நோக்கி மடித்து, அவற்றின் மேல் உச்சிப் பகுதியைப் பொருத்திப் பின்தையல் போட்டால் தொப்பி தயார்.

பக்ரம் தொப்பியை மழையில் அணிந்தால் என்ன ஆகும்? பசை மீண்டும் இளகும், உச்சி சரிந்துவிடும். கம்பியிட்ட ஓரம் மட்டும் வட்டமாகவே நிற்கும்.