காய்ச்சல் வரைபு

கிடை அச்சில் நாளையும் நேரத்தையும், நிலைக்குத்து அச்சில் உடல் வெப்பநிலையையும் (°C) குறித்து இவ்வரைபு வரையப்படும். தினமும் அதே நேரங்களில், அதே வெப்பமானியால், உடலின் அதே இடத்தில் அளத்தல் வேண்டும். அக்குளில் அளந்தால் வாயில் அளப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும்.

உதாரணமாக, ஒரு மாணவனின் வாய் வெப்பநிலை மூன்று நாட்களும் காலை 6 மணிக்கு 37.2, 37.0, 37.3 எனவும், மாலை 6 மணிக்கு 38.6, 38.9, 39.1 எனவும் இருந்தது. காலையில் மட்டும் அளந்திருந்தால் காய்ச்சல் இல்லையென்றே வீட்டார் எண்ணியிருப்பர். சுகதேகிக்கும் மாலையில் ஏறத்தாழ அரைப் பாகை உயர்வது இயல்பு. இங்கு உயர்வு 1.4 பாகைக்குக் குறையவில்லை.

பரசிற்றமோல் கொடுக்குமுன் அளந்து, கொடுத்த நேரத்தை அம்புக்குறியால் காட்டுக. மாணவர் பலர் இதனை மறந்துவிடுவர். அம்புக்குறி இல்லாவிடின் மருந்தினால் ஏற்பட்ட இறக்கத்தை, காய்ச்சல் தானாகவே தணிந்ததாக வைத்தியர் கருத நேரிடும்.

கோடு இறங்குவது எப்போதும் குணமன்று. டெங்குவில் பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்தான கட்டம் தொடங்கலாம். எனவே வாந்தி, வயிற்றுவலி, சிறுநீர் குறைதல் என்பவற்றையும் வரைபின் கீழே நேரத்துடன் எழுதுக. இவை காணப்பட்டால் வரைபுடன் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.