கடைசி பதினாறு விநாடி

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “அம்மா கொழுந்தெடுக்கும் ஒரு நாளை ஆறு நிமிட வீடியோவாகப் போட்டேன். நிறைய பேர் பார்த்தார்கள். ஆனால் அதிலிருந்து என் அடுத்த வீடியோவுக்கு ஒருவரும் போகவில்லை. எங்கே பிழை?”

வீடியோவைப் பார்த்தேன். பிழை முடிவில் இருக்கிறது. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் சென். கிளையர் நீர்வீழ்ச்சி வருகிறது. “அவ்வளவுதான் நண்பர்களே” என்று தொடங்கி, நன்றி, லைக், ஷேர், சப்ஸ்கிரைப் என்று 25 விநாடி பேசுகிறீர்கள். இசை பாதியில் தேய்ந்து மறைகிறது. YouTube Studio-வில் இந்த வீடியோவை எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்ற கோட்டைத் திறந்து பாருங்கள். “அவ்வளவுதான்” என்ற இடத்தில் அது சரிந்திருக்கும். முடிந்தது என்று நீங்களே சொன்ன பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

முதலில் படம். உங்கள் வீடியோ, விடியற்காலையில் அம்மா காம்பராச் சுவரின் ஆணியிலிருந்து கூடையை எடுப்பதோடு தொடங்குகிறது. அப்படியானால் முடிவும் அங்கேதான் இருக்கிறது: அதே கூடை, அதே ஆணிக்குத் திரும்புவது. நீர்வீழ்ச்சி அழகுதான், ஆனால் அந்த நாளின் கதையில் அதற்கு இடமில்லை. தேயிலைப் பிரசாரத்துக்காக பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ (1934) படமும் இலைகளில் தொடங்கி இலைகளுக்கே திரும்பி வந்து முடிகிறது. இடையில் பார்த்ததெல்லாம் அந்த இலைகளின் மேல் படிந்திருப்பதால், அதே காட்சி இரண்டாம் முறை வேறாகத் தெரிகிறது.

காலையில் போனை வைத்த இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, மாலையிலும் அங்கேயே வையுங்கள். கூடை திரையின் இடப்பக்கம் இருக்கட்டும், வலப்பக்கம் வெறுஞ்சுவர். அடுத்த வீடியோவின் பெட்டி அங்கேதான் வரப்போகிறது. திரையில் கூடையை அழுத்திப் பிடித்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தி வெளிச்சத்தில் அம்மா நகர்ந்ததும் படம் திடீரென வெளுக்கும். அம்மா போன பிறகும் 20 விநாடி போனைத் தொடாதீர்கள்.

அடுத்தது இசை. ஒலியை மெல்லக் குறைப்பது இசையை முடிப்பதாகாது. அது பாட்டுக்காரரை வாசலுக்கு வெளியே அனுப்புவது போன்றது. உங்கள் வீடியோவில் தப்பு ஒலிக்கிறது. வாசிப்பவர்களிடம் முடிப்பு அடியை மட்டும் மூன்று முறை தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட் செய்யும்போது அந்தக் கடைசி அடியை, கூடை ஆணியில் தொங்கும் கணத்தில் முதலில் பொருத்துங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி இசையை அடுக்குங்கள். நீளம் மிஞ்சினால் நடுவில், ஒரே தாளம் திரும்ப வரும் இடத்தில் வெட்டுங்கள், வாலை வெட்டாதீர்கள். அடி விழுந்த பிறகு இசை வேண்டாம். லயத்துச் சத்தம், காற்று, பீலித் தண்ணீர் போதும்.

மூன்றாவது, பார்ப்பவர் செய்யவேண்டியது. ஐந்து வேலை சொன்னால் ஒன்றும் நடக்காது. உங்களுக்கு வேண்டியது உங்கள் அடுத்த வீடியோவான தேயிலைத் தொழிற்சாலை வீடியோவைப் பார்க்க வைப்பது. அதை மட்டும் கேளுங்கள். “அம்மா எடுத்த கொழுந்து இப்போது தொழிற்சாலையில் வாடிக்கொண்டிருக்கிறது. காலையில் அது என்னவாகிறது என்று அடுத்த வீடியோவில் பாருங்கள்.” கதை தொடர்வதால் இது விளம்பரமாகக் கேட்காது.

இனி மூன்றையும் கோர்ப்போம். கடைசி 16 விநாடியின் முதல் ஆறு விநாடியில் அம்மா நடந்து வருகிறார். அந்த இரண்டு வாக்கியமும் அப்போதே முடிந்துவிடவேண்டும். ஆறாவது விநாடியில் கூடை ஆணியில் ஏறுகிறது, தப்பின் கடைசி அடி விழுகிறது. மீதி பத்து விநாடி அசையாத கூடை. YouTube-இன் End screen 5 முதல் 20 விநாடி வரை நீளலாம். அதை இந்தப் பத்து விநாடிக்கு மட்டும் வையுங்கள். Choose specific video என்பதில் தொழிற்சாலை வீடியோவைத் தேர்ந்து, பெட்டியை வெறுஞ்சுவரின் மேல் இழுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினால் இந்தப் பெட்டி வராது. அங்கே வாய்ச்சொல் மட்டும்தான். ஆகவே அதற்கென எடுக்கும் பிரதியில் அடுத்த வீடியோவின் பெயரையும் சொல்லுங்கள்.

வெளியிடுமுன் இரண்டு சோதனை. ஒலியை நிறுத்திவிட்டு வீடியோவை முதலிலிருந்து ஒருவருக்குக் காட்டுங்கள். கூடை தொங்கியதும் நாள் முடிந்தது என்று அவருக்குப் புரியவேண்டும். பிறகு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி 16 விநாடியைக் கேளுங்கள். எந்த இடத்தில் முடிந்தது என்று விரலால் தட்டுங்கள். விரலும் தப்பின் கடைசி அடியும் ஒன்றாக விழாவிட்டால், இன்னும் வெட்டவேண்டியிருக்கிறது.