காணொலியின் நிறைவு

நுழையும்முன்

தொடக்கம் பார்வையாளரை அழைத்து வருகிறது. முடிவோ அவர் மனத்தில் எது தங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இறுதிக் காட்சி, இசையின் நிறைவு, அடுத்த செயல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசையும்போது காணொலி முழுமை பெறுகிறது. இதனைக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலை குறித்த நான்கு நிமிடக் காணொலி ஒன்றின்வழி அறியலாம்.

இறுதிக் காட்சி

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. வாகை, பூவரசு, வேம்பு, தேக்கு முதலிய மரங்களில் சிற்பிகள் உருவங்களைச் செதுக்குகின்றனர். இக்கலையைக் காட்டும் காணொலி, வெறும் மரக்கட்டையின்மீது சிற்பி கோடு வரைவதில் தொடங்குகிறது எனக் கொள்வோம். இதனை எதில் முடிப்பது?

கல்வராயன் மலையின் அந்திக் காட்சியில் முடிக்கலாம் என்னும் எண்ணம் பலருக்கும் எழும். மலை அழகியதே. எனினும் காணொலி மலையைப் பற்றியதன்று. சிற்பியின் கையைப் பற்றியது. இறுதியில் மலையைக் கண்டவர் மலையையே நினைவில் கொண்டு செல்வார். ஊரை அறிமுகப்படுத்த அக்காட்சி தேவையெனில் அதனைத் தொடக்கத்தில் வைக்கலாம்.

பொருத்தமான முடிவு முதற்காட்சிக்குள்ளேயே உள்ளது. சிற்பத்தில் கண்களை இறுதியாகத் திறப்பது மரபு. சிற்பி கண்ணைச் செதுக்கி, மரத்தூளை ஊதி அகற்றுகிறார். கை சட்டகத்தை விட்டு விலகுகிறது. சிற்பத்தின் முகம் மட்டும் எஞ்சுகிறது. தொடக்கத்தில் கட்டையாக இருந்தது இப்போது நோக்குகிறது. கோணமும் ஒளியும் தொடக்கத்தில் இருந்தவாறே அமைந்தால் இம்மாற்றத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. இக்காட்சியை முக்காலியில் நிறுத்திய ஒளிப்படக் கருவியால் கை விலகிய பின்னரும் இருபது நொடிகளுக்கு மேல் பதிவு செய்தல் வேண்டும். குறைவாகப் பதிவு செய்தவர், தொகுக்கும்போது நீட்ட வழியின்றித் தவிப்பார்.

இசையின் நிறைவு

படம் முடிந்த இடத்தில் இசையை வெட்டுவதே பெரிதும் நிகழும் பிழை. பாடல் நடுவழியில் நின்றது போன்ற உணர்வு அதனால் தோன்றும். இசை இறுதியில் ஆதார சட்சமத்தை அடையும்போதே செவி அமைதி கொள்கிறது. தாளத்தில் தீர்மானம் என்னும் சொற்கட்டு மும்முறை வந்து சமத்தில் விழுவதும் இந்நிறைவையே தருகிறது.

ஆகவே இசையை முடிவிலிருந்து பின்னோக்கி அளந்து பொருத்த வேண்டும். சிற்பியின் கை 3 நிமிடம் 44ஆம் நொடியில் விலகுகிறது எனில், இசையின் இறுதிச் சுரம் அந்நொடியில் விழ வேண்டும். இசைத்துண்டின் நீளம் 90 நொடி எனில், அது 2 நிமிடம் 14ஆம் நொடியில் தொடங்கும். அத்தொடக்கத்தை உளியோசையின் அடியில் மெல்ல நுழைத்தால் எவரும் உணரார். ஒரு தட்டுக்கு ஒரு நொடி என்னும் வேகத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு நொடி. ஆதலால் 36ஆம் நொடியில், மரத்தூளை ஊதும் காட்சியோடு தீர்மானம் தொடங்கலாம். இறுதிச் சுரத்தின் அதிர்வு தானே அடங்கும்வரை நான்கு நொடி விட்டுவிடுதல் நன்று.

எல்லாக் கதையும் இவ்வாறு அடங்க வேண்டுவதில்லை. விடை கிடைக்காத துயரைச் சொல்லும் காணொலியில் இசை சட்சமத்தை அடையாமல் நிற்பதே உண்மையாகும். அங்கும் அது பிழையாக அன்றித் தேர்வாக அமைதல் வேண்டும்.

அடுத்த செயல்

அதிர்வு அடங்கிய பின், 48ஆம் நொடியில் எழுத்து தோன்றலாம். ‘பகிருங்கள், விரும்புங்கள், வாருங்கள், வாங்குங்கள்’ என நான்கு வேண்டுகோள்களை அடுக்கினால் பார்வையாளர் ஒன்றையும் செய்யார். ‘மரச்சிற்பம் வாங்கும்முன் புவிசார் குறியீடு உண்டா எனக் கேளுங்கள்’ என்னும் ஒரு தொடர் போதும். அது யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக்குகிறது; கைவினைஞரின் உழைப்புக்கும் அடையாளம் தருகிறது. அத்தொடரை இருமுறை நிதானமாக வாசிக்கும் நேரம்வரை அது திரையில் நிற்க வேண்டும். யூடியூபில் இறுதித்திரை இணைப்புகள் காணொலியின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள் இடம்பெறும். நான்காம் நிமிடம்வரை உள்ள பன்னிரண்டு நொடி இதற்கும் போதுமானது. ஆயினும் சிற்பத்தின் முகத்தை அவ்விணைப்பு மறைக்காதவாறு, படம்பிடிக்கும்போதே ஒரு பக்கத்தில் வெற்றிடம் விடுதல் வேண்டும்.

முடிவு பயன்பட்டதா என்பதை எளிதில் அறியலாம். காணொலியைப் புதிதாகக் கண்ட ஒருவரிடம், இறுதியாகக் கண்டது எது, இனிச் செய்ய வேண்டியது என்ன என்று வினவுக. சிற்பத்தின் கண்ணையும் குறியீட்டையும் அவர் கூறினால் முடிவு நிறைவுற்றது. மலையைக் கூறினால் தொகுப்பு மேசைக்குத் திரும்ப வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் கைத்தொழில் ஒன்றைப் பற்றிய மூன்று நிமிடக் காணொலிக்கு, இறுதி முப்பது நொடிகளுக்கான காட்சி, ஒலி, எழுத்து ஆகியவற்றை நொடி வரிசையில் எழுதுக.